கத்திரி படாத பின்கழுத்து

தையல் கடை ஆல்பங்களில் இருக்கும் ஜாக்கெட் படங்கள் பலவும் அந்த வடிவத்தில் தைக்கப்பட்டவை அல்ல. ஒரே ஜாக்கெட்டை ஒரே பெண் உடுத்தி எடுத்த படத்திலிருந்து வட்டக் கழுத்து, பானைக் கழுத்து, ஜன்னல் வைத்த முதுகு என்று நான்கைந்து வடிவங்கள் கணினியில் உருவாகின்றன. ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகத் தைப்பதென்றால் பட்டுத்துணி, தையல் கூலி, மாடலுக்கு ஒரு நாள் சம்பளம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். படத்தில் மாற்றுவதென்றால் இரண்டைத்தான் மாற்ற வேண்டும். ஒன்று துணியின் விளிம்பு, இன்னொன்று அந்த விளிம்புக்கு அப்பால் தெரியும் தோல்.

மதுரையில் ஒரு மாடியறையில் நடக்கும் கூடத்தில் இந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை பார்க்க முடிந்தது. படம் எடுப்பவர் ஒருவர், போட்டோஷாப்பில் மாற்றுபவர் ஒரு பெண். அவ்வப்போது படியேறி வந்து திரையைப் பார்த்துவிட்டுப் போகும் கட்டிங் மாஸ்டர் ஒருவரும் உண்டு. மாஸ்டர் தலையசைக்காத படம் அச்சுக்குப் போவதில்லை. இந்த ஒழுங்குதான் அந்தக் கூடத்தின் படங்களை மற்ற பல படங்களிலிருந்து வேறுபடுத்துகிறது. ஆல்பத்தைக் காட்டி “இதே மாதிரி வேணும்” என்று வாடிக்கையாளர் சொல்லும்போது பதில் சொல்ல வேண்டியவர் தையல்காரர்தான். தைக்க முடியாததைக் காட்டும் படம் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடும்.

அன்று திரையில் இருந்தது அரக்கு நிறப் பட்டு ஜாக்கெட். முன்பக்கம் கொக்கி, பின்பக்கம் வட்டக் கழுத்து, இறக்கம் 6 அங்குலம். அதை 9 அங்குல இறக்கமுள்ள பானைக் கழுத்தாக மாற்ற வேண்டும்.

வேலை தொடங்குவது கணினியில் அல்ல, படம் எடுக்கும் இடத்தில். ஒரே நிலையில், ஒரே வெளிச்சத்தில் இரண்டு படங்கள் எடுக்கிறார்கள். முதலாவது மாற்ற வேண்டிய ஜாக்கெட்டோடு. இரண்டாவது அதே பெண் மிக இறக்கமான பின்கழுத்துள்ள வேறொரு ஜாக்கெட்டை உடுத்தி. காமிரா முக்காலியிலிருந்து அசைவதில்லை. அவர் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டியிருக்கிறது. பின்னால் விளிம்பைக் கீழே இறக்கும்போது வெளிப்படும் தோல் இந்த இரண்டாவது படத்திலிருந்து வருகிறது. அது அவருடைய தோலே. இல்லாத தோலைக் கணினியில் வரைய வேண்டிய தேவை அநேகமாக வருவதில்லை. இரண்டாவது படம் எடுக்காத கூடங்களில் கழுத்தருகே தெரியும் தோலை நகலெடுத்துக் கீழே ஒட்டுகிறார்கள். வெயில் பட்ட பிடரியின் நிறமும், துணிக்குள் இருந்த நடுமுதுகின் நிறமும் ஒன்றல்ல என்பதால் அப்படிப் போட்ட ஒட்டு பார்த்ததும் தெரிந்துவிடும்.

மூன்றாவதாக ஒரு சோதனைப் படமும் உண்டு. அதில் முதுகெலும்பின் நெடுகே ஒரு அளவு டேப் ஒட்டியிருக்கும். ஜாக்கெட்டின் உயரம் தோளிலிருந்து கீழ்ப்பட்டி வரை 14.5 அங்குலம். படத்தில் அது ஏறக்குறைய 2,900 பிக்சல். சராசரியாக அங்குலத்துக்கு 200 பிக்சல் வருகிறது. ஆனால் தோளருகே முதுகு முன்னோக்கிச் சாய்வதால் மேல் அங்குலங்கள் படத்தில் சுருங்கித் தெரியும். சராசரியை நம்பி 1,800 பிக்சல் கீழே குறி வைத்தால் 9 அங்குலம் சரியாக அமையாது. டேப்பில் 9 என்று தெரியும் இடத்தில்தான் குறி வைக்க வேண்டும்.

அடுத்தது கோடு. பானை வடிவத்தில் பாதியை மட்டும் பென் டூலால் வரைந்து, புரட்டி மறுபாதியாக வைக்கிறார்கள். தோளில் நடுவிலிருந்து 3 அங்குலம், 3 அங்குல இறக்கத்தில் பானையின் கழுத்தாக 2 அங்குலத்துக்குச் சுருங்கி, ஆறரை அங்குலத்தில் வயிறாக மூன்றே முக்காலுக்கு விரிந்து, 9-இல் வளைந்து மூடும். ஒரு பாதிக்கு ஐந்தாறு புள்ளிகள் போதும். புள்ளிகள் கூடக்கூடக் கோடு நெளியும், கத்திரி தடுமாறிய விளிம்பு போலாகும். உடல் சற்றே திரும்பியிருந்தால் தள்ளியிருக்கும் பாதியைக் குறுக்க வேண்டும். நடுக்கோடாகக் கொள்ள வேண்டியது முதுகெலும்பு, படத்தின் நடு அல்ல.

கழுத்தை இறக்குவதென்றால் துணியை அகற்றுவது என்றே எண்ணத் தோன்றும். இந்தக் கோட்டை வட்டக் கழுத்தின் மேல் வைத்துப் பார்த்தால் வேறு விதமாக இருக்கிறது. வயிற்றுப் பகுதியில் துணி குறைகிறது என்பது சரி. ஆனால் பானையின் கழுத்து சுருங்கும் இடத்தில் பழைய வட்டம் இதைவிட அகலம். அங்கே இரு பக்கமும் முக்கால் அங்குலம் போலப் புதிதாகத் துணி சேர்க்க வேண்டும். கடினமான பகுதி இதுதான். பட்டில் நெசவு இழையின் திசைக்கேற்ப மினுமினுப்பு மாறும். அருகிலுள்ள துணியை எடுத்துத் திருப்பி ஒட்டினால் மினுக்கம் தவறான பக்கம் விழுந்து அந்த இடம் மட்டும் வேறு துணி போலத் தெரியும். அதே தோள்பட்டையிலிருந்து, இழை திரும்பாமல், பக்கவாட்டில் நகர்த்தி எடுத்த துண்டே பொருந்துகிறது. அகற்ற வேண்டிய துணியை எந்த நிலையிலும் அழிப்பதில்லை. லேயர் மாஸ்க்கால் மறைத்து வைக்கிறார்கள். மாஸ்டர் “அரை அங்குலம் மேலே ஏத்தும்மா” என்று சொன்னால் ஏற்றுவதற்குத் துணி வேண்டுமே.

கீழ் அடுக்கில் தோல் வந்து அமர்ந்ததும் இரண்டு படங்களுக்கும் இடையிலான சிறு வேறுபாட்டைச் சரிசெய்ய வேண்டும். மூச்சு ஏறி இறங்கியதில் தோள்பட்டை எலும்பின் நிழல் சற்றே நகர்ந்திருக்கும். இதற்குத் தோலின் படத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். மங்கலாக்கிய ஓர் அடுக்கில் நிறமும் நிழலும் மட்டும், மற்றொன்றில் மயிர்க்கால், மச்சம், மேடுபள்ளம் போன்ற நுணுக்கங்கள் மட்டும். நிறத்தைத் தொடும்போது நுணுக்கம் கலைவதில்லை. இதே முறையைக் கொண்டு தோலைப் பீங்கான் போல வழவழப்பாக்கவும் முடியும், வெளுக்கவும் முடியும். இரண்டும் தவறான வேலை. அரக்கு நிறம் மாநிறத் தோலின் மேல் எப்படி எடுக்கும் என்று பார்க்கத்தான் பெண்கள் ஆல்பத்தைப் புரட்டுகிறார்கள். வெளுத்த தோல் அந்தத் தகவலையே பறித்துவிடும்.

விளிம்பு வெறும் கோடாக நின்றால் காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலிருக்கும். தைத்த விளிம்புக்குத் தடிமன் உண்டு. இந்தப் படத்தில் பைப்பிங் எட்டில் ஒரு அங்குலம், அதாவது 25 பிக்சல். வெளிச்சம் இடது மேலிருந்து வருவதால் பைப்பிங்கின் அந்தப் பக்கம் மெல்லிய ஒளிக்கோடும் எதிர்ப்பக்கம் இருளும் வேண்டும். விளிம்பு தோலின் மேல் போடும் நிழலையும் தனி அடுக்கில் வரைகிறார்கள். நிழலுக்குக் கறுப்பு கூடாது. தோலின் நிறத்தையே ஆழமாக்கிய பழுப்பை மல்டிப்ளை முறையில் இட வேண்டும். நிழலின் அகலமும் எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. தோள்பட்டை எலும்பில் துணி ஒட்டி நிற்பதால் நிழல் இழை போல ஒடுங்கும். முதுகெலும்பின் பள்ளத்தில் துணி சற்றே விலகி நிற்பதால் அங்கே நிழல் அகன்று மங்கும். சுற்றிலும் ஒரே அகலத்தில் தானாக விழும் நிழலைப் போட்ட படங்களில் ஜாக்கெட் முதுகைத் தொடாமல் மிதப்பது போலத் தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

சுருக்கங்களையும் மறந்துவிடக் கூடாது. கைக்குழியிலிருந்து பழைய கழுத்தை நோக்கி இழுபட்ட மடிப்பு, புதிய வெட்டில் பாதியில் அறுந்து நிற்கும். துணியை வெட்டிய பிறகு அந்த இழுவிசை அங்கே இருக்காது. ஆகவே அந்த மடிப்பைத் தேய்த்து மங்கலாக்க வேண்டும்.

மாஸ்டர் படத்தைப் பார்த்து நிறுத்தியது பார்டரில். முதல் வடிவில் ஜாக்கெட்டின் ஜரிகை பார்டர் பானையின் வளைவு முழுவதும் வழுக்கிக்கொண்டு சுற்றி வந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. “இது நெய்த பார்டர், இப்படி வளையாது” என்றார். நெய்த பார்டர் நேர் இழையில் ஓடுவது. நேராக வைக்கலாம், மூலையில் மடித்துத் திருப்பலாம். பானையின் வயிறு போன்ற இறுக்கமான வளைவில் வைத்தால் வெளி ஓரம் இழுக்கும், உள் ஓரம் கொசுவும். வளைவைத் தொடர்ந்து போகக்கூடியவை குறுக்கு இழையில் வெட்டிய கிராஸ் பீஸும், வளைவின் மேலேயே போடப்படும் ஆரி வேலையும்தான். படத்திலிருந்து பார்டரை நீக்கி, வளைவுக்கு ஜரிகை நிறப் பைப்பிங் மட்டும் வைத்தார்கள். திரையில் எந்தப் பட்டையையும் எந்த வளைவிலும் திருப்பிவிடும் வசதி இருப்பதால் வரும் பிழை இது. ஆல்பங்களில் மிக அதிகமாகக் காணப்படுவதும் இதுவே.

இன்னொரு திருத்தமும் மாஸ்டருடையது. 9 அங்குலம் இறங்கிய முதுகில் தோளைப் பிடித்து நிறுத்த மேலே எதுவும் இல்லை. உடுத்தினால் தோள் நழுவும். எனவே மேலே ஒரு கயிறு வேண்டும். கயிறு முடிந்த இடத்தில் விளிம்பைச் சற்று உள்ளே இழுத்துக் காட்ட வேண்டும், கயிறும் விறைப்பாக இருக்க வேண்டும். குஞ்சம் உடலின் சாய்வைப் பின்பற்றாமல் செங்குத்தாகத் தொங்க வேண்டும். கீழே மிஞ்சும் துணி ஐந்தரை அங்குலம். அது உள்ளாடையின் பட்டியை மறைக்குமா என்பது உடுத்துபவரின் உடலைப் பொறுத்தது. மறைக்காதவர்களுக்கு ஜாக்கெட்டின் உள்ளேயே கப் வைத்துத் தைக்க வேண்டியிருக்கும்.

முடித்த படத்தைச் சோதிக்க எளிய வழிகள் உண்டு. இடவலமாகப் புரட்டிப் பார்த்தால் கண் பழகிப்போன கோணல் வெளிப்படும். கறுப்பு வெள்ளையாக்கினால் தோலின் ஒட்டுகள் திட்டுத்திட்டாகத் தெரியும். தபால்தலை அளவுக்குச் சுருக்கினால் நிழல் மிகையாக இருப்பது புலப்படும். கடைசியில் ஒரு தாளில் அச்செடுத்துப் பார்க்க வேண்டும். திரையில் இயல்பாக இருந்த தோல் அச்சில் சிவப்பேறி வருவது வழக்கம்.

எந்த அளவுவரை தோலைக் காட்டலாம் என்பது எடிட்டரின் விருப்பத்துக்கு விட்ட விஷயம் அல்ல. அந்தக் கூடத்தில் மாடலோடு எழுதிக்கொள்ளும் ஒப்புதலில் பின்கழுத்து எத்தனை அங்குலம் வரை, முன்கழுத்து எத்தனை அங்குலம் வரை என்று எழுதியிருக்கிறது. அவர் உடுத்தி நின்ற இறக்கத்தைத் தாண்டிப் படத்தில் இறக்குவதில்லை. இரண்டாவது படத்தின் இன்னொரு பயன் அது. அவர் காட்டச் சம்மதித்தது எதுவரை என்பதற்கு அந்தப் படமே எல்லை. கடைக்கு அளவு கொடுக்க வந்த வாடிக்கையாளரின் படத்தை எடுத்து இப்படி மாற்றித் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு அங்கே வேலை செய்து தருவதில்லை. அது சரியான நிலைப்பாடு.

கணினியில் மாற்றிய ஒவ்வொரு ஜாக்கெட் படத்தின் கீழும் மூன்று விவரங்களை அச்சிட வேண்டும்: பின்கழுத்து இறக்கம் எத்தனை அங்குலம், கொக்கி முன்னாலா பின்னாலா, விளிம்பில் இருப்பது பைப்பிங்கா ஆரி வேலையா. ஆல்பம் தயாரிப்பவர்கள் இதைச் செய்தால் தையல்காரர் துணியில் கத்திரி வைக்கும் முன்பே வாடிக்கையாளரிடம் எல்லாவற்றையும் பேசி முடித்துவிடலாம்.