மருமகளுக்குத் தாவணி போட்டு எடுத்த படம்

எங்க பக்கம் பொண்ணு வயசுக்கு வந்தா முதல் தாவணி தாய்மாமன் வீட்டுச் சீர்லதான் வரணும். இந்தத் தடவை கடலை வித்த காசு கையில இருந்ததால அக்கா மகளுக்கு நல்ல பட்டாவே எடுத்தேன். அரக்குப் பாவாடை, அதுல பச்சைக் கரை, மேலே கடுகு மஞ்சள் தாவணி.

டவுன்ல இருக்கிற உங்களுக்குத் தாவணி கட்டுறது மறந்திருக்கும். பாவாடை நாடாவை இறுக்கும்போது மடிப்பெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கும். அதைச் சுத்திலும் சமமா இழுத்து விடலைன்னா படத்துல ஒரு இடுப்பு மட்டும் உப்பித் தெரியும். தாவணியோட ஒரு முனையை இடுப்புல செருகி, முதுகுப் பக்கமாச் சுத்தி, வலது இடுப்பு வழியா முன்னால கொண்டு வந்து இடது தோள்ல போடணும். அக்கா அதை அஞ்சு மடிப்பா வச்சு, ஜரிகைக் கரை மேலாகத் தெரியுற மாதிரி ரவிக்கையோட சேர்த்து ஊக்குக் குத்துனாங்க.

நகை வாடகை செட்டுதான். நெத்திச்சுட்டி, வகிட்டுக்கு வலப்பக்கம் சூரியப்பிறை, இடப்பக்கம் சந்திரப்பிறை, ஜிமிக்கியைத் தாங்க மாட்டல், தாவணி நழுவாம இருக்க ஒட்டியாணம். படத்துல தாவணி வலது தோள்லயும் சூரியன் இடப்பக்கமும் இருந்தா, அந்தப் படத்தைக் கண்ணாடியில பார்க்கிற மாதிரி திருப்பிட்டாங்கன்னு தெரிஞ்சுக்கலாம்.

சடங்கன்னைக்குப் பந்தல்ல எடுத்த படம் சரியா வரல. மேலே சிவப்பும் மஞ்சளுமா துணி. வெயில் அது வழியா இறங்கி, முகத்துல செங்கல் நிறம் ஏறிடுச்சு. போட்டோ எடுத்த தம்பி அதைக் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக் கொண்டு வந்தாரு. உடுப்பும் நகையும் எங்க பிள்ளையோடது, முகம் மட்டும் வேற யாரோ. கன்னம் கோதுமை நிறம், கை மாநிறத்துக்கும் கொஞ்சம் கூடுதல் கருப்பு. பம்புசெட் தொட்டியில விழுந்து புருவத்துல வாங்கின தழும்பு காணோம். கண்ணைப் பெருசாக்கினதுல பக்கத்துல ஓடுற நெத்திச்சுட்டிச் சங்கிலியும் வளைஞ்சு போச்சு.

எனக்கு அதைவிட வருத்தம், அவ சொன்னதுதான். "இருக்கட்டும் மாமா. இப்படி இருந்தா கிளாஸ்ல யாரும் கிண்டல் பண்ண மாட்டாங்க."

அவகிட்ட நான் எதுவும் பேசல. தம்பிகிட்ட மட்டும், "இன்னொரு நாள் எடுப்போம், கூலி தனியாத் தர்றேன்"னேன். நகையை நாளைக்குத்தான் திருப்பித் தரணும். மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு, வெயில் நேரா விழாத திண்ணையில வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வச்சோம். எண்ணெய் பளபளப்பை மட்டும் துடைச்சோம். பிளாஷ் போடல. போட்டா ஜரிகை வெள்ளையாப் பளிச்சிடும், முகம் பின்னுக்குப் போயிடும்.

தம்பி அப்பதான் காரணம் சொன்னாரு. கேமரா தானா வெளிச்சம் அளக்கும்போது கண்ணுல படுற எல்லாத்தையும் சராசரி பார்க்குமாம். ஜரிகையும் நகையும் மின்னினா, வெளிச்சம் அதிகம்னு நெனச்சு மொத்தப் படத்தையும் குறைச்சிடும். கருப்பு முகம் இன்னும் இருண்டு போகும். அப்புறம்தான் முகத்தை வெளுக்கிற வேலை. அதனால இந்தத் தடவை அளவை அவ கன்னத்துல எடுத்து நிறுத்திட்டாரு. என்னோட வெள்ளை வேட்டியை அவ முன்னால பிடிக்கச் சொல்லி, நிறத்தையும் அதை வச்சே சரி பண்ணினாரு. அப்புறம் நிழல் விழுந்த பக்கம் அதே வேட்டியை விரிச்சுப் பிடிச்சேன். அதுல பட்டுத் திரும்புன வெளிச்சம் கன்னத்துக் குழியில நிறைஞ்சுது. பச்சைச் சுவர் பக்கம் உட்கார வச்சிருந்தா முகத்துல பச்சை அடிச்சிருக்கும்.

இதுக்கும் ஒரு விலை உண்டு. முகத்துக்கு அளந்ததால தோள் மடிப்புல ரெண்டு இடம் ஜரிகை வெளுத்து, வேலைப்பாடு தெரியல. தம்பிக்கு அது குறைதான். அவ ரெண்டு படத்தையும் ரொம்ப நேரம் மாத்தி மாத்திப் பார்த்தா. அப்புறம் ரெண்டாவதைக் காட்டி, "இதுல அம்மா மாதிரி இருக்கேன்"னா. அக்கா ஒண்ணும் பேசாம ஜிமிக்கியைக் கழட்ட ஆரம்பிச்சாங்க.

12-க்கு 18 அங்குலத்துல பெருசாப் போடுறதுக்கு முன்ன, சின்னதா ஒண்ணு அடிச்சுப் பார்த்தோம். தாவணிக்குப் பக்கத்துல வச்சா கடுகு மஞ்சள் மங்கித் தெரிஞ்சுது. மஞ்சளை மட்டும் தூக்கச் சொன்னோம், முகத்தைத் தொட வேணாம்னோம்.

உங்க வீட்டுப் பிள்ளை படம் கைக்கு வந்தா முதல்ல முகத்தையும் கையையும் சேர்த்துப் பாருங்க. ரெண்டும் ஒரே நிறமா இருக்கணும். அப்புறம் சங்கிலி நேரா ஓடுதான்னு பாருங்க. அப்புறம் நிதானமா அந்தப் பிள்ளையைப் பாருங்க.