வாங்குபவரின் சந்தேகமும் எமது பதிலும்

எமது மகளிர் குழுவினர் இழைக்கும் பனையோலைப் பெட்டிகள் இணையத்தளத்தில் விற்பனைக்கு உள்ளன. படத்தின் கீழே வரும் கேள்வி-பதில் பகுதியை அவர்களோடு இருந்து எழுதினேன். கேள்விகளை நாம் கற்பனை செய்யவில்லை. தொலைபேசியில் விசாரித்துவிட்டு வாங்காமல் விட்டவர்கள் கேட்டவற்றைப் பெண்கள் கொப்பியில் குறித்து வைத்திருந்தார்கள். பலரும் கேட்டது, “பூஞ்சணம் பிடிக்குமா?” என்பதே.

“எமது பெட்டிகள் தரமானவை என்று எழுதுவோமே” என்றார் ஒரு அக்கா. அது கேட்ட கேள்விக்குப் பதில் அல்ல. ஆகவே இப்படி எழுதினோம்: “ஈரம் நின்றால் பிடிக்கும். நனைந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, காற்றுப்படும் இடத்தில் நன்றாகக் காயவிடுங்கள். கழுவ வேண்டாம், சாயம் கசியும்.” முதலில் நேரான பதில், அதன் பின் செய்ய வேண்டியது.

“எவ்வளவு பெரிது?” என்பதற்கு, “நீளம் 30, அகலம் 20 சென்ரிமீற்றர். கைவேலை என்பதால் 1 சென்ரிமீற்றர் கூடிக் குறையலாம்” என்றோம். இதை மறைத்தால் பெட்டி திரும்பி வரும், தபால் செலவும் குழுவின் தலையில்தான் விழும்.

பதில் போட்ட பிறகும் அதே கேள்வி தொலைபேசியில் வந்தால், எழுதியது விளங்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பதிலை மாற்றி எழுதுங்கள்.