பிசுக்கும் சலவை சோடாவும்

போகிக்கு முந்தைய ஞாயிறு. சென்னையில் ஓர் அடுக்ககச் சமையலறையில், அடுப்புக்கு மேலிருந்த சிம்னியின் ஃபில்டரைக் கழற்றிய அந்தத் தம்பதி மூக்கைச் சுளித்தார்கள். தேன் நிறப் பிசுக்கு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பாத்திரம் துலக்கும் திரவம் கால் பாட்டில் தீர்ந்தும் அது அசையவில்லை.

அசையாததில் வியப்பில்லை, அது இப்போது வெறும் எண்ணெய் அல்லவே. தாளிக்கும்போது ஆவியோடு எழும் நுண்துளிகள் உலோகத்தில் படிந்து, சூட்டிலும் காற்றிலும் மாதக்கணக்கில் கிடந்து, ஒன்றோடொன்று பிணைந்து பிசினாகின்றன. கதவுக்குப் பூசும் வார்னிஷ் இறுகுவதும் இப்படித்தான். சூரியகாந்தி எண்ணெய் இதில் வேகம். தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் இறுகாது. புது எண்ணெயைச் சோப்பு தூக்கிவிடும். பிசினானதை அறுக்கக் காரமும் சூடும் நேரமும் வேண்டும்.

பக்கெட்டில் கொதிநீர், அதில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, கொஞ்சம் சோப்புத் திரவம். ஆப்ப சோடா இதற்குப் போதாது, அதன் காரம் மிகக் குறைவு. அதோடு வினிகரை ஊற்றி நுரை பார்த்து மகிழ்கிறவர்கள் காரமும் அமிலமும் ஒன்றையொன்று கொன்றுவிட வழிசெய்கிறார்கள். கையுறை போட்டுக்கொண்டு, அரைமணி ஊறிய ஃபில்டரில் கணவர் பழைய பல்துலக்கியால் ஒரு கோடு இழுத்தார். பிசின் கூழாக வழிந்தது. இழுபட்டு நூலாக வந்திருந்தால், நீரை மாற்றி மறுபடி ஊறவைத்திருக்க வேண்டும்.

நல்லவேளை, அது கனமான ஸ்டீல் பட்டைகள் கொண்ட ஃபில்டர். பழைய வீட்டில் இருந்தது கையில் எடுத்தால் காற்றுபோல் லேசான, அலுமினிய வலை அடுக்கு. அதைக் கடையில் வாங்கிய காஸ்டிக் சோடாவில் போட்டபோது நீர் பொங்கிக் குமிழிட்டது. அழுக்குதான் கரைகிறது என்று மகிழ்ந்தார்கள். கரைந்தது அலுமினியம், வெளிவந்த குமிழி ஹைட்ரஜன். வலை கறுத்து ஓட்டையானது. சலவை சோடாவும் அலுமினியத்தைக் கறுக்கச் செய்யும். அலுமினிய வலையைச் சூடான சோப்புநீரில் இரண்டு மூன்று முறை ஊறவைப்பதுதான் பாதுகாப்பு.

சுவருக்கு வந்தால் பிரச்சினை வேறு: ஊறப்போட வழியில்லை. அதே சோடா நீரில் நனைத்துப் பிழிந்த துணியை டைல் கட்டங்கள்மேல் கால்மணி ஒட்டவைத்தார் மனைவி. கீழிருந்து மேலாக. மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் காய்ந்த பிசுக்கில் கோடு போட்டுவிடும். பிறகு பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, நல்ல தண்ணீரால் துடைத்தார். சுத்தமான டைலில் தண்ணீர் ஒரே படலமாகப் பரவும். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. இரண்டு கட்டங்களில் திரண்டது, அங்கே மட்டும் மறுபடி.

டைல்களுக்கு இடையிலான சிமென்ட் கோடு மட்டும் பழுப்பாகவே நின்றது. அது எண்ணெயைக் குடித்துவிட்டது. கழிவறை ஆசிட்டை எடுத்துவரக் கணவர் எழுந்தார்.

“வேணாங்க, சிமென்ட்டே அரிச்சுடும்” என்றார் மனைவி.


கோடு பழுப்பாகவே இருக்கிறது.