சிவந்துபோன உருளைக்கிழங்கு சிப்ஸ்

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் இரண்டு மூட்டை உருளைக்கிழங்கைச் சீவிப் பொரித்து, 25 கிலோ சிப்ஸ் போட்டு முடித்திருந்தார் அந்த வீட்டுப் பெண். நாலு கிலோ கிழங்குக்கு ஒரு கிலோ சிப்ஸ் என்பது அவருடைய கணக்கு. அதில் குறையவில்லை. நிறம்தான் குறை. மஞ்சளாக வரவேண்டிய சிப்ஸ் செங்கல் நிறத்தில் வந்திருந்தது. வாயில் போட்டால் முதலில் வெல்லப்பாகு வாசனை, பின்னால் கசப்பு. பேக்கரிக்காரர் ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "எண்ணெய் பழசு" என்றார் கணவர். "நீ தீயைக் கொறைக்கவே இல்லை அம்முணி" என்றார் மாமியார். சீவியதைத் தண்ணீரில் போடாமல் வைத்ததால் கறுத்திருக்கும் என்றார் இன்னொருவர். மொறுமொறுப்புக்கும் நிறத்துக்கும் ஒரு சிட்டிகை சோடா உப்பு போடச் சொல்லி ஒரு யோசனையும் வந்தது. மறுநாள் மிச்சமிருந்த கிழங்கில் அதையும் செய்து பார்த்தார். இன்னும் கறுத்தது.

அன்று மாலை அதே எண்ணெயில், அதே அடுப்பில் நேந்திரங்காய் சீவிப் போட்டார். அது எப்போதும் போலப் பொன் மஞ்சளாக வந்தது. எண்ணெய் மீதும் தீ மீதும் இருந்த சந்தேகம் அதோடு போய்விட்டது. மிச்சம் கிழங்குதான்.

ஆனால் கிழங்கைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. தோல் சுருங்கவில்லை, முளை விடவில்லை, அழுத்தினால் கல் மாதிரி இருந்தது. வழக்கமாக ஊட்டியிலிருந்து வரும் புதுக்கிழங்கைத்தான் வாங்குவார். இந்த முறை விலை ஏறியிருந்ததால் மண்டியில் வடநாட்டுக் கிழங்கை எடுத்திருந்தார். மண்டிக்குப் போய்க் கேட்டபோது மூட்டை தூக்குகிறவர் சாதாரணமாகச் சொன்னார்: "அது ஐஸ் ரூம் கிழங்குக்கா. மாசி, பங்குனியில வெட்டுனது. கொழம்புக்குத்தான் ஆகும், சிப்ஸ்காரங்க யாரும் எடுக்க மாட்டாங்க."

ஏன் எடுக்க மாட்டார்கள் என்பதைப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் விளக்கினார். அவர் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்ட முதல் கேள்வி உருளைக்கிழங்கைப் பற்றியதே அல்ல. "நேந்திரங்காய்ல சிப்ஸ் போட்டா மஞ்சளா வருது. அதே நேந்திரம் பழுத்திருந்தா?"

"செவந்து போயிருமுங்க" என்றார் அவர். எத்தனை முறை பார்த்தது!

"காய்ல மாவு இருக்குது. பழுத்தா அது சர்க்கரை ஆயிருது. உங்க கிழங்கும் ஐஸ் ரூம்ல ஒரு மாதிரி பழுத்துப்போச்சுன்னு வெச்சுக்குங்க."

பழுப்பது என்பது ஒப்புமைதான், நடப்பது வேறு. உருளைக்கிழங்கு அறுவடைக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறது, மூச்சு விடுகிறது. விதைக்கும் சமையலுக்கும் வைக்கும் கிழங்கைக் குளிர்பதனக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். அந்தக் குளிரில் முளை வராது, அழுகாது, எடை குறையாது. ஆனால் கிழங்கில் உள்ள மாவு உடைந்து குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற இரண்டு சிறு சர்க்கரைகள் சேர ஆரம்பிக்கும். மூச்சு மந்தமாகிவிடுவதால் அந்தச் சர்க்கரை செலவும் ஆகாது. கண்ணுக்குப் புதுசாகத் தெரிந்ததற்கும் வாணலியில் கறுத்ததற்கும் ஒரே காரணம், அந்தக் குளிர்.

இந்த இரண்டு சர்க்கரைகளும் ஏன் சிவக்க வேண்டும்? கிழங்கில் கொஞ்சம் புரதமும், புரதத்தின் கட்டுக்கல்லான அமினோ அமிலங்களும் இருக்கின்றன. சூடு ஏறும்போது சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து, படிப்படியாகப் புதிய புதிய பொருள்களாக மாறுகின்றன. பொன் நிறம், வறுத்த வாசனை, கடைசியில் கருமை, கசப்பு எல்லாம் அந்தச் சேர்க்கையில் பிறப்பவை. 1912-ல் இதை எழுதிவைத்த பிரெஞ்சு அறிஞர் மையார்டின் பெயரால் இதை மையார்டு வினை என்பார்கள். வேர்க்கடலை வறுபடும் மணம், காப்பிக்கொட்டையின் நிறம், தோசையின் முறுகல், எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். நாம் தினமும் தேடிப் போகும் ருசி அது. அளவு மீறும்போதுதான் தொல்லை.

வெறும் சர்க்கரை காய்ந்து நிறம் மாறுவது வேறு கதை. வீட்டுச் சர்க்கரையை மட்டும் சட்டியில் போட்டால் 160 டிகிரிக்கு மேல்தான் பொன்னிறம் தொடங்கும், 190-ஐத் தாண்டினால் கசக்கும். சர்க்கரையோடு புரதமும் இருந்தால் அவ்வளவு சூடு தேவையில்லை. பால்கோவா கிண்டும்போது பால் நூறு டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனாலும் மணிக்கணக்கில் கிண்டினால் இளஞ்சிவப்பு ஏறுகிறது. பொரிக்கும்போது 140 டிகிரியைத் தாண்டினால் அதே வேலை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

அப்படியானால் 170, 180 டிகிரி எண்ணெயில் போட்ட சீவல் போட்டவுடன் ஏன் கறுப்பதில்லை? அதில் தண்ணீர் இருக்கிறது. கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது ஆவியாகிக் குமிழியாக வெளியேறும்வரை சீவலின் உள்சூடு நூறு டிகிரியை விட்டு அதிகம் ஏறாது. குமிழி அடங்க அடங்க, முதலில் ஓரமும் மேற்பரப்பும் காய்ந்து சூடேறுகின்றன. அப்போதுதான் நிறம் பிடிக்கிறது. நல்ல சிப்ஸ் போடுகிறவர் நிறத்தைப் பார்ப்பதைவிடச் சலசலப்பு அடங்குவதைக் கேட்டுத்தான் ஜல்லிக்கரண்டியை விடுகிறார். சர்க்கரை மிகுந்த கிழங்கில் இந்தக் கணக்கு தப்பிவிடுகிறது. தண்ணீர் முழுக்கப் போவதற்குள்ளேயே நிறம் முந்திவிடும். நிறத்தைப் பார்த்து எடுத்தால் சிப்ஸ் நமுத்துப்போகும், மொறுமொறுப்புக்குக் காத்திருந்தால் கருகும். தீயைக் குறைத்தாலும் தப்பிக்க வழியில்லை, எண்ணெயைத்தான் குடிக்கும்.

எவ்வளவு சர்க்கரை இருந்தால் கெடும்? ஒரு கிலோ கிழங்கில் இந்தச் சிறு சர்க்கரைகள் ஒரு கிராமுக்குள் இருந்தால் சிப்ஸுக்கு நல்லது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. குளிரில் கிடந்த கிழங்கில் அது பல மடங்கு ஏறும். நாக்கில் இனிப்பாகத் தெரியாமலேயே சிப்ஸைக் கெடுக்க அது போதும்.

வீட்டில் சொன்ன காரணங்களுக்கும் இப்போது பதில் கிடைத்தது. சீவிய கிழங்கு காற்றுப்பட்டுக் கறுப்பது நொதி செய்யும் வேலை. சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தண்ணீரில் போட்டால் நின்றுவிடும். எண்ணெய் பழசானால் நுரைக்கும், புகையும், அதில் போடும் எல்லாமே கறுக்கும், நேந்திரங்காயும் தப்பியிருக்காது. எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் ஓரம் கருகி நடு வெளுத்திருக்கும். சர்க்கரைக் கிழங்கில் மட்டும் சீவல் முழுவதும் சிவக்கும். சோடா உப்பு போட்டதுதான் பெரிய தப்பு. காரம் மையார்டு வினையை விரட்டிவிடும். பக்கோடா சீக்கிரம் சிவக்கச் சிலர் சோடா போடுவது அதனால்தான்.

திரும்பிய 25 கிலோவில் கொஞ்சத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று கணவர் சொன்னபோது பெரியவர் வேண்டாம் என்றார். கிழங்கில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. அது இந்தச் சர்க்கரைகளோடு 120 டிகிரிக்கு மேல் சேரும்போது அக்ரிலமைடு என்ற பொருளும் உண்டாகிறது. உணவில் இது இருப்பதை 2002-ல் சுவீடன் நாட்டினர் வெளியிட்டார்கள். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் வந்திருக்கிறது. மனிதருக்கு உணவில் வரும் அளவு எவ்வளவு கெடுதல் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் சிப்ஸ் கறுக்கக் கறுக்க அது கூடுகிறது என்பதில் சந்தேகமில்லை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கிழங்கைப் பொரிக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

மண்டியில் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்த இன்னும் இரண்டு மூட்டை வந்து சேர்ந்தது. திருப்பவும் முடியவில்லை. அதற்கு ஒரு வழி இருந்தது. குளிரில் சேர்ந்த சர்க்கரையில் பெரும்பகுதி, கிழங்கை 15 முதல் 20 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் திரும்பவும் மாவாகிவிடும். கொஞ்சம் மூச்சில் செலவாகும். அந்த வீட்டில் அவ்வளவு குளிர்ந்த இடம் இல்லை. ஓலை வேய்ந்த மாட்டுக்கொட்டகையின் வடக்கு மூலையில், மணல் மேல் இரண்டடுக்காகப் பரப்பி, வெளிச்சம் படாமல் சாக்குப் போட்டு மூடினார். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகி நச்சு ஏறும்.

வாரத்துக்கு ஒருநாள் ஐந்து கிழங்கை எடுத்து, ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் ஒரு சீவல் பொரித்துப் பார்த்தார். முதல் வாரம் செங்கல் நிறம். இரண்டாம் வாரம் இரண்டு சீவல் தேறியது. மூன்றாம் வாரம் நாலு மஞ்சளாக வந்தது, ஒன்று மட்டும் நடுவில் சிவந்தது. அதற்குள் பாதிக் கிழங்கில் முளை எட்டிப் பார்த்திருந்தது, சில அழுகியும் போயிருந்தன. நூறு கிலோவில் பதினோரு கிலோ கழிவு. மீதியைச் சீவி, கை பொறுக்காத சூட்டு வெந்நீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு, நீரை வடித்துத் துணியில் உலர்த்திப் பொரித்தார். மேற்பரப்பில் எஞ்சிய சர்க்கரையை வெந்நீர் கரைத்துவிடும். ஆனால் கூட ஒரு நிமிஷம் கிடந்தால் சீவல் உடையும், ருசியும் தண்ணீரோடு போகும்.

எல்லாக் கிழங்கும் இப்படித் திரும்பிவிடாது. மாதக்கணக்கில் கிடந்து கிழடுதட்டிய கிழங்கில், குளிர் இல்லாமலேயே சர்க்கரை ஏறும். அதை எத்தனை வாரம் வைத்தாலும் பயனில்லை. சிப்ஸுக்கென்றே குஃப்ரி சிப்சோனா போன்ற ரகங்கள் இருக்கின்றன. அவற்றை 10 முதல் 12 டிகிரியில், முளை அடக்கும் மருந்து அடித்து வைக்கிறார்கள்.

தீபாவளி வியாபாரம் போனது போனதுதான். கார்த்திகை தீபத்துக்கு அந்த பேக்கரிக்காரர் பத்து கிலோ மட்டும் கேட்டார், அதுவும் மாதிரி பார்த்த பிறகு. இப்போது மண்டிக்குப் போகும்போது அவர் பையில் சின்னக் கத்தி ஒன்று இருக்கிறது. "எந்த ஊருது, எப்ப வெட்டுனது, ஐஸ் ரூமா?" என்று கேட்டுவிட்டு மூட்டைக்கு ஒரு கிழங்கு வாங்கி வருகிறார். வீட்டில் ஐந்து சீவல் பொரித்துப் பார்த்த பிறகுதான் போனில் விலை பேசுகிறார்.