பச்சையும் நீலமும் சேர்ந்தால் நெட் படுத்துவிடும்!

உங்கள் வீட்டு ஃபைபர் வயரின் முனையில் இருக்கும் பிளக் என்ன நிறம் என்று பார்த்திருக்கிறீர்களா? பச்சை அல்லது நீலம். நானும் அதை அழகுக்காகப் போட்ட நிறம் என்றுதான் நினைத்திருந்தேன், எங்கள் வீட்டு நெட் படுத்தும் வரை.

ஹாலில் இருந்த ரவுட்டரை படுக்கையறைக்கு மாற்றினோம். மாற்ற வந்தவர், சுவரில் இருக்கும் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே நீளமான வேறொரு வயரைப் போட்டுவிட்டுப் போனார். நெட் வந்தது. ஆனால், பீரோ கதவு இடித்து வயர் லேசாக வளைந்தாலே, ரவுட்டரில் LOS என்ற சிவப்பு விளக்கு எரியும், நெட் போய்விடும்.

அடுத்து வந்த டெக்னீஷியன், ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் Rx Power என்ற இடத்தைப் பார்த்தார். -26 dBm என்று இருந்தது. வந்து சேரும் ஒளியின் அளவு அது. எங்கள் வீட்டில் இருப்பதுபோன்ற கருவிக்கு சுமார் -27 தான் எல்லை. அதனால்தான் சின்ன வளைவைக்கூடத் தாங்கவில்லை. பிறகு வயரைக் கழற்றிக் காட்டினார். ரவுட்டரின் துளை நீலம். அதில் செருகியிருந்த பிளக் பச்சை.

``கலர்ல என்னப்பா இருக்கு?'' என்றார் அம்மா.

``கலர்லதாம்மா விஷயமே இருக்கு'' என்று விளக்கினார் அவர்.

பிளக்கின் நடுவே வெள்ளையாகத் தெரியும் குச்சிக்குள்தான் தலைமுடி அளவு கண்ணாடி இழை இருக்கிறது. நீலத்தில் அதன் முனை கிட்டத்தட்ட தட்டை. பச்சையில் 8 டிகிரி சாய்வு. முனையில் பட்டுத் திரும்பும் ஒளி, வந்த வழியே போய் லேசருக்குத் தொல்லை தராமல் பக்கவாட்டில் விலகத்தான் அந்தச் சாய்வு. ஒரே நிற முனைகள் இரண்டும் ஒட்டி உட்காரும். நிறம் மாறினால் நடுவில் ஆப்பு வடிவில் காற்று இடைவெளி விழும். அங்கே ஒளி சிதறும், கொஞ்சம் திரும்பியும் போகும். அழுத்திச் செருகினால் முனைகளில் கீறல் விழவும் வாய்ப்புண்டு.

சிக்கல் என்னவென்றால், இரண்டு பிளக்குகளும் வெளியே ஒரே வடிவம். அதனால் `க்ளிக்' என்று சரியாகவே உட்கார்ந்துவிடும்.

ஒரு முனை பச்சை, மறு முனை நீலம் என்ற வயரும் கடையில் கிடைக்கிறது. சுவர்ப் பெட்டியில் பச்சை, ரவுட்டரில் நீலம் இருந்த எங்களுக்கு அதுதான் தீர்வு. துளைகளைத் துடைத்து, அதை மாட்டியதும் அளவு -20 ஆனது. 6 டெசிபல் வித்தியாசம் என்றால், முன்பு கால் பங்கு ஒளிதான் வந்திருக்கிறது!

ரவுட்டரை இடம் மாற்றினால், இரண்டு முனைகளிலும் பிளக்கும் துளையும் ஒரே நிறமா என்று பாருங்கள். கழற்றிய முனையை மட்டும் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். உள்ளே வரும் லேசர் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது.