அடக்கம் இறங்கியது, அபாயம்?

விலை விழுந்த பங்கை மேலும் வாங்கிச் சராசரியை இறக்குவது கெட்டித்தனம் என்பது நம்மவர் பலரின் எண்ணம். அதில் பாதி உண்மை. மறுபாதியைக் கணக்கிட்டுப் பார்ப்போர் சிலரே.

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எமது மைத்துனர், கொழும்புப் பங்குச் சந்தையில் 100 ரூபா வீதம் முன்பு வாங்கிய 1,000 பங்குகள் 60 ரூபாவுக்கு இறங்கியதும், மேலும் 1,000 வாங்கினார். "அத்தான், அடக்கம் இப்போது 80 ரூபாதான்!" என்றார். அந்த 80 சரிதானா என்று பார்க்க நாம் கொப்பியும் பென்சிலும் எடுத்தோம்.

தரகும் பிற கட்டணங்களுமாக, வாங்கும்போதும் விற்கும்போதும் நூற்றுக்கு 1.12 போகும். அதையும் சேர்த்தால், முதற்பங்குகளை நட்டமின்றி விற்க 102 ரூபா 27 சதம் வேண்டும். இரு தொகுதிக்கும் பொதுவாகவோ 81 ரூபா 81 சதம் போதும். ஏறவேண்டிய தூரம் நூற்றுக்கு எழுபதிலிருந்து முப்பத்தாறாகக் குறைந்துவிட்டது. இது மெய்யான நன்மையே.

இனி விலை 40 ரூபாவுக்கு வீழ்ந்தால்? பழைய 1,000 பங்குகள் மட்டுமெனில் நட்டம் 61,568 ரூபா. இப்போதோ 82,688. இதில் ஒரு வேடிக்கை: போட்ட பணத்தோடு ஒப்பிட்டால் நட்டம் நூற்றுக்கு 61 இலிருந்து 51 ஆகக் குறைந்ததுபோல் தோன்றும்! விகிதம் சிரிக்க, பணப்பை அழுகிறது.

மேலும், அவரிடம் மூன்று இலட்சம் ரூபா நிலையான வைப்பும் இருந்தது. முன்னர் அந்தப் பங்கு அவர் சேமிப்பில் ஆறில் ஒன்று; வைப்பிலிருந்து எடுத்து வாங்கியபின் மூன்றில் ஒன்று. விலை ஒரு ரூபா சரிந்தால் 1,000 ரூபா போனது போய், 2,000 ரூபா போகும்.

எமது கருத்தில், இரண்டாம் தொகுதிக்குத் தனிக்கணக்கு வேண்டும். அது நட்டமின்றி மீள 61 ரூபா 36 சதம் வேண்டும். விலை அதற்குக் கீழே நின்றால், வாங்காதிருந்ததே மேல். மேலே சென்றால், வாங்கியது நன்று. முதற்பங்கின் நட்டம் இரண்டிலும் ஒன்றே. ஆகவே 81 ரூபாவை எண்ணி மகிழ்வதிலும், "முதற்பங்குகள் இல்லாத ஒருவன் இன்று இதனை 60 ரூபாவுக்கு வாங்குவானா?" என்று கேட்பதே பொருத்தம்.

அதற்கு விடை விலைப்பட்டியலில் இல்லை. விலை ஏன் விழுந்தது என்பதில் இருக்கிறது. அவ்வாண்டு ஏப்ரிலில் மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. சந்தை முழுவதற்கும் அச்சத்தால் வந்த வீழ்ச்சி வேறு. குறுங்காலக் கடனில் ஓடும் கம்பெனிக்கு வட்டியே இலாபத்தைத் தின்பதால் வந்த வீழ்ச்சி வேறு. மைத்துனர் ஆண்டறிக்கையைக் கொண்டுவந்தார். ஓராண்டுக்குள் தீர்க்கவேண்டிய கடன்கள், கையிருப்புப் பணத்தைவிடப் பன்மடங்கு இருந்தன. மூன்றாம் தொகுதி வாங்கும் எண்ணத்தை அவர் அன்றே ஒத்திவைத்தார்.