மௌனியைத் தேடினால்

ஒரு சிற்றிதழின் பழைய இதழ்கள் பிடிஎஃப் கோப்புகளாக எங்கள் வாசிப்புக் குழுவுக்குக் கிடைத்தன. நண்பர் ஒருவர் அவற்றிலிருந்து எழுத்துகளை மட்டும் பிரித்தெடுத்து ஒரே கோப்பாகச் சேர்த்து, 'மௌனி' என்று தேடினார். ஒன்றுமே அகப்படவில்லை. அவ்விதழ் மௌனியைப் பொருட்படுத்தவே இல்லை என்ற முடிவுக்கு வந்து ஒரு கட்டுரையும் எழுதத் தொடங்கிவிட்டார். எங்களில் மூத்தவரோ அதே இதழில் மௌனியைப் பற்றிய நீண்ட கட்டுரையை அச்சில் வாசித்தவர். பக்கத்தைத் திறந்தோம். பெயர் கண்முன் இருந்தது. தேடினால் மட்டும் இல்லை என்றது.

இல்லாத ஒன்றை இருக்கிறது என்று காட்டும் தேடலால் பெரிய தீங்கில்லை. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். இருப்பதை இல்லை என்று சொல்லும் தேடலை யாரும் சரிபார்ப்பதில்லை. 'இன்னார் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியதே இல்லை' என்பது போன்ற முடிவுகள் இப்போது தேடல் பெட்டியை நம்பியே எழுதப்படுகின்றன. ஆகவே அந்தப் பெயர் எங்கே ஒளிந்துகொண்டது என்று பார்ப்பதில் சில மாலைகளைச் செலவிட்டோம்.

நாம் 'மௌ' என்று ஓர் எழுத்தாகப் பார்ப்பதைக் கணினி எண்களின் வரிசையாக வைத்திருக்கிறது. ஒருங்குறியில் மகரத்துக்கு ஓர் எண், ஔகாரக் குறிக்கு ஓர் எண். அந்தக் குறியின் எண் U+0BCC. ஆனால் அதே குறியை இரண்டாகப் பிரித்தும் எழுதலாம்: இடப்பக்க ஒற்றைக்கொம்பு U+0BC6, வலப்பக்கத் துண்டு U+0BD7. திரையில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இதே கதைதான். 'கொ' என்பதைக் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு எண்களில் எழுதலாம். ககரம், கொம்பு, துணைக்கால் என மூன்று எண்களிலும் எழுதலாம். தேடல் நிரல் எண்களை ஒப்பிட்டால் இவ்விரண்டும் வெவ்வேறு சொற்கள்.

இந்த முதல் வகைக் குழப்பத்துக்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. இப்படிப் பிரிந்தும் சேர்ந்தும் எழுதப்படும் வடிவங்கள் ஒன்றே என்று ஒருங்குறித் தரமே வரையறுத்து, அவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் முறைகளையும் வகுத்திருக்கிறது. அவற்றுள் சேர்ந்த வடிவைத் தருவது NFC. பைத்தான் மொழியில் `unicodedata.normalize("NFC", s)` என்ற ஒரே வரி போதும். எத்தனை முறை இயக்கினாலும் விளைவு மாறாது, பொருளும் கெடாது. கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய திருத்தம் இந்தத் துறையில் இது ஒன்றுதான்.

அதைச் செய்து மீண்டும் தேடியபோது இரண்டு இடங்களில் மௌனி கிடைத்தார். நீண்ட கட்டுரை இன்னும் அகப்படவில்லை.

அந்தக் கட்டுரையின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். பெயர் இப்படி இருந்தது: முதலில் கொம்பு, பிறகு ம, பிறகு ள, பிறகு ன, கடைசியில் இகரக் குறி. இங்கே இரண்டு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. ஒன்று வரிசை, மற்றது ளகரம். இரண்டின் காரணங்களும் வேறு, சிகிச்சையும் வேறு.

முதலில் வரிசை. கையால் எழுதும்போது கொம்பைப் போட்டுவிட்டு மகரத்தை எழுதுகிறோம். ஒருங்குறியில் ஒலிப்பு வரிசைதான்: மெய் முன்னால், குறி பின்னால். திரையில் காட்டும்போதுதான் எழுத்துரு கொம்பை இடப்பக்கம் நகர்த்துகிறது. பிடிஎஃப் கோப்போ பக்கத்தின் படம் போன்றது. எந்த வடிவத்தை எந்த இடத்தில் வரைய வேண்டும் என்பதே அதன் முதற்கவலை. அதிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும்போது பல சமயம் அவை வரையப்பட்ட வரிசையிலேயே வெளியே வருகின்றன. பழைய எழுத்துருக்களில் இருந்ததை எழுத்துக்கு எழுத்து ஒருங்குறியாக மாற்றிய கோப்புகளிலும் இதே நிலைதான். இதை NFC தொடாது. கொம்புக்கும் துணைக்காலுக்கும் நடுவில் மெய் உட்கார்ந்திருக்கும்போது அவை இணைய வழியில்லை. ஆகவே வரிசையைச் சரிசெய்த பிறகே NFC.

வரிசை மாறிய பக்கத்தைக் கண்டுபிடிப்பது எளிது. எந்தத் தமிழ்ச் சொல்லும் உயிர்க்குறியில் தொடங்காது. இடைவெளிக்கு அடுத்து ஒற்றைக்கொம்போ, இரட்டைக்கொம்போ, ஐகாரக் குறியோ வருகிறதா என்று எண்ணினால் போதும். ஒழுங்கான பக்கத்தில் விடை பூஜ்யம். மாறிய பக்கத்தில் வரிக்கு வரி வந்து நிற்கும். திரையிலும் அக்குறிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டம் அநாதையாகத் தெரியும். அத்தகைய பக்கத்துக்கு மட்டும் இந்த வரி:

```
page = re.sub("([\u0bc6\u0bc7\u0bc8])"
              "(\u0b95\u0bcd\u0bb7|[\u0b95-\u0bb9])",
              r"\2\1", page)
```

குறியும் அதையடுத்து மெய்யும் வந்தால் இரண்டையும் இடம் மாற்று என்பதே இதன் பொருள். நடுவில் உள்ள நீண்ட துண்டு 'க்ஷ' என்னும் கூட்டெழுத்துக்காக. 'அபேக்ஷை' என்ற சொல்லில் ஐகாரக் குறி கூட்டெழுத்து முழுவதுக்கும் முன்னால் வரையப்படுகிறது. கூட்டெழுத்தை ஓர் அலகாகக் கருதாவிட்டால் குறி ககரத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

NFC போல இதைத் திரும்பத் திரும்ப இயக்கலாகாது. 'தேவை' என்பது மாறிய பக்கத்தில் இரட்டைக்கொம்பு, த, ஐகாரக் குறி, வ என்று இருக்கும். ஒருமுறை இயக்கினால் த, இரட்டைக்கொம்பு, வ, ஐகாரக் குறி என்று சரியாகிவிடும். இன்னொரு முறை இயக்கினால், இப்போது சரியான இடத்திலிருக்கும் இரட்டைக்கொம்பு வகரத்தைத் தாண்டிக் குதித்துவிடும். த, வ, இரண்டு குறிகள் என்று சொல் சிதையும். சொல்லுக்குச் சொல் முடிவெடுக்கவும் முடியாது. நடுச்சொல்லில் நிற்கும் கொம்பு இடப்பக்க மெய்யைச் சேர்ந்ததா, வலப்பக்க மெய்யைச் சேர்ந்ததா என்று அதைமட்டும் பார்த்தால் தெரியாது. அந்தப் பகுதி முழுவதும் எந்த வரிசையில் இருக்கிறது என்பதைக் கொண்டே சொல்ல முடியும். தலைப்பு ஓர் எழுத்துருவிலும் உடற்பகுதி வேறொன்றிலும் இருந்த பக்கங்களில் தலைப்பு சரியாகவும் மற்றது மாறியும் இருந்தது. அவற்றைத் தனித்தனியே பிரித்துச் செய்தோம்.

இனி ளகரம். ஔகாரக் குறியின் வலப்பாதி அச்சில் பெரும்பாலும் ளகரத்திலிருந்து வேறுபடாது. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் அதற்குத் தனி இடமே இல்லை, ளகரத்தையே போட்டார்கள். படத்திலிருந்து எழுத்தை அறியும் நிரலும் ளகரமாகவே படிக்கும். அதனால் மௌனம் 'மெளனம்' ஆகிறது, கௌரவம் 'கெளரவம்' ஆகிறது, ஔவை 'ஒளவை' ஆகிறாள். ஒருங்குறித் தரத்தைப் பொறுத்தவரை இவை வெவ்வேறு எழுத்துகள். ஆகவே NFC இவற்றில் தலையிடாது, தலையிடவும் கூடாது.

கொம்போடு கூடிய மெய்யை அடுத்து ளகரம் வந்தால் ஔகாரமாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். 'வெளி', 'வெள்ளம்' போன்றவற்றில் ளகரத்துக்குக் குறியோ புள்ளியோ உண்டு. அவற்றை விலக்கிவிட்டு வெறும் ளகரத்தை மட்டும் மாற்றினால் என்ன? பேராசிரியர்களின் கட்டுரைத் தொகுப்பு என்றால் அநேகமாகத் தப்பித்துவிடலாம். சிறுகதைகளில் முடியாது. பேச்சுமொழியில் மக்கள் 'கெளம்பு'கிறார்கள், 'வெளக்கு' ஏற்றுகிறார்கள், பயிர் 'வெளஞ்சு' நிற்கிறது. அந்த விதி இவர்களையெல்லாம் 'கௌம்பு' என்று சொல்லவைத்துவிடும். அடிப்படையாக ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: 'கௌவி' என்றால் வாயால் பற்றி, 'கெளவி' என்றால் சில வட்டாரங்களில் கிழவி. நாய் எதையோ கௌவிக்கொண்டு ஓடும் கதையில் ஒரு கெளவியும் இருந்துவிட்டால் எந்த விதியாலும் பிரிக்க முடியாது. வாக்கியத்தைப் படிக்கும் மனிதர் வேண்டும்.

எனவே நாங்கள் மூலத்தில் இதைத் திருத்தவில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், யாரும் வாசிக்காத ஒரு நிழல்வரியை உருவாக்கினோம். அதில் எல்லா ஔகாரங்களையும் கொம்பும் ளகரமுமாக உடைத்துவிட்டோம். அதாவது தவறான வடிவையே பொதுவடிவாக்கினோம். சரியிலிருந்து தவறுக்குப் போகும் திசையில் ஐயத்துக்கு இடமில்லை என்பதே காரணம்.

```
def key(s):
    s = re.sub("[\u200b-\u200d]", "", s)
    s = unicodedata.normalize("NFC", s)
    s = s.replace("\u0bcc", "\u0bc6\u0bb3")
    s = s.replace("\u0b94", "\u0b92\u0bb3")
    return s.replace("\u0bb6\u0bcd\u0bb0\u0bc0",
                     "\u0bb8\u0bcd\u0bb0\u0bc0")
```

முதல் வரி, கண்ணுக்குத் தெரியாத இணைப்பு, பிரிப்புக் குறிகளை நீக்குகிறது. ககரமும் ஷகரமும் சேர்ந்துவிடாமலிருக்கச் சிலர் நடுவில் இப்படியொன்றை வைப்பதுண்டு. கடைசி வரி 'ஸ்ரீ'க்காக. 2005இல் வந்த ஒருங்குறி 4.1 பதிப்பில்தான் 'ஶ' என்ற எழுத்து சேர்க்கப்பட்டது. அதற்கு முன் ஸகரத்தை வைத்தே ஸ்ரீ எழுதினோம். பின்னர் ஶகரத்தை வைத்தும் எழுதப்படுகிறது. திரையில் இரண்டும் ஒரே உருவம். NFC இவற்றையும் ஒன்றாக்காது. ஸ்ரீரங்கம் இரண்டு ஊர்களாகிவிடும்.

தேடும் சொல்லையும் இதே செயற்கூறின் வழியே அனுப்ப வேண்டும். அப்போது நிழலும் நிழலும் ஒப்பிடப்படுகின்றன. வாசகருக்குக் காட்டப்படுவது மூலவரி. 'கௌவி' என்று தேடினால் கிழவியும் சேர்ந்தே வருவாள். வரட்டும். இரண்டு வரிகளைக் கூடுதலாகப் படிப்பதில் யாருக்கும் நட்டமில்லை. எங்கள் தேடலில் மௌனி அந்த நீண்ட கட்டுரை முழுவதும் கிடைத்தார். இன்னும் இரண்டு இதழ்களின் கடிதப் பகுதிகளிலும் கிடைத்தார். நண்பர் தம் கட்டுரையின் கருத்தை மாற்றிக்கொண்டார்.

இதனால் தீராதவையும் உண்டு. வரி முடிவில் இரண்டாக உடைந்த சொல், துணைக்காலுக்குப் பதில் ரகரமாகப் படிக்கப்பட்டது, பிரித்தெடுக்கும்போதே காணாமற்போன எழுத்து ஆகியவற்றை இந்த வரிகள் மீட்டுத் தரா. ஆகவே ஒரு தொகுப்பில் 'இல்லை' என்று எழுதுமுன் ஒரு சிறு சோதனையைச் செய்துகொள்கிறோம். அச்சுப்பக்கத்தைப் பார்த்து, ஒகரம், ஏகாரம், ஐகாரம், ஔகாரம், ஸ்ரீ, க்ஷ ஒவ்வொன்றும் வரும் சொல் ஒன்றைக் குறித்துக்கொண்டு, அவற்றைத் தேடிப் பார்ப்போம். ஆறும் தத்தம் பக்கங்களில் கிடைத்தால்தான் அந்தக் கோப்பு சொல்லும் 'இல்லை'க்கு மதிப்பு. ஒன்று தவறினாலும் அதைச் சான்றாக எழுதுவதில்லை; இதழைக் கையிலெடுத்துப் புரட்டுகிறோம்.